சராசரி சொல்லாத சேதி

சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் பணியாற்றிய கல்லூரியில் ஒரு துறைக்கூட்டம். பி.காம். இரண்டாமாண்டு மாணவர்களுக்கு வணிகப் புள்ளியியல் தாளை எங்கள் துறையே நடத்தி வந்தது. கணினிக் கூடத்தில் இருக்கைகள் குறைவு. ஆகையால் 45 மாணவர்களை 15 பேர் வீதம் ஏ, பி, சி என மூன்று பிரிவுகளாக்கி, ஒவ்வொரு பிரிவையும் ஓர் ஆசிரியரிடம் ஒப்படைத்திருந்தோம். மூன்று பிரிவுகளுக்கும் ஒரே வினாத்தாள். 100 மதிப்பெண்ணுக்கு உள்தேர்வு முடிந்து, முடிவு கூட்டத்தின் முன் வைக்கப்பட்டது.

ஒரே ஒரு தாளில் மூன்றே எண்கள். ஏ பிரிவின் சராசரி 60. சி பிரிவின் சராசரி 58. பி பிரிவின் சராசரி 56. ஏ பிரிவின் ஆசிரியருக்குப் பாராட்டு. பி பிரிவை நடத்தியவர் கௌரவ விரிவுரையாளராகப் பணியாற்றிய ஓர் அம்மையார். அவருடைய பணி நீட்டிப்பு அந்த மாதம் பரிசீலனையில் இருந்தது. 'உங்கள் பிரிவு மட்டும் ஏன் கடைசியில் நிற்கிறது?' என்று கேட்கப்பட்டது. 'பிள்ளைகள் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள் சார்' என்று மட்டும் சொன்னார். அந்தப் பதில் யார் காதிலும் ஏறவில்லை. 56 என்ற எண் அவரைவிட உரத்துப் பேசியது.

எனக்கு உறுத்தலாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பிரிவுவாரியாகச் சராசரியை மட்டும் எழுதி, மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தும் அந்தப் படிவத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பு வடிவமைத்தவன் நான்தான்.

கூட்டம் முடிந்த பிறகு மூன்று பிரிவுகளின் மதிப்பெண் பட்டியலையும் வாங்கி, வரைபடத்தாளில் மூன்று பெட்டிகளை வரைந்தேன். ஆங்கிலத்தில் 'பாக்ஸ் பிளாட்' என்று அழைக்கப்படும் பெட்டி வரைபடம் அது. வரைந்து முடிக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அந்த மூன்று பெட்டிகளும் கூட்டத்தின் தீர்ப்பைத் தலைகீழாக்கின. அது எவ்வாறு என்பதை, எவரும் தாளும் பென்சிலும் கொண்டு சரிபார்க்கக்கூடிய வகையில் இங்கே விளக்க விரும்புகிறேன்.

முதல் வேலை, ஒவ்வொரு பிரிவின் மதிப்பெண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துவது. அவ்வாறு வரிசைப்படுத்திய பட்டியல் இது:

ஏ பிரிவு: 18, 26, 31, 34, 42, 50, 55, 62, 68, 74, 80, 85, 88, 92, 95.

பி பிரிவு: 8, 12, 54, 57, 58, 60, 61, 62, 63, 64, 65, 66, 67, 70, 73.

சி பிரிவு: 41, 42, 43, 44, 45, 46, 48, 58, 68, 70, 71, 72, 73, 74, 75.

பதினைந்து பேரில் நடுவில் நிற்பவர் எட்டாமவர். அவருக்கு முன்னால் ஏழு பேர், பின்னால் ஏழு பேர். அவருடைய மதிப்பெண்தான் இடைநிலை. ஏ பிரிவில் அது 62. பி பிரிவிலும் 62. சி பிரிவில் 58. மாணவர் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால், நடுவில் நிற்கும் இருவரின் மதிப்பெண்களைக் கூட்டி இரண்டால் வகுத்துக் கொள்ள வேண்டும்.

அடுத்து, நடுவில் நிற்பவரை ஒதுக்கிவிட்டுக் கீழ்ப்பாதி ஏழு பேரை மட்டும் பார்க்க வேண்டும். அவர்களில் நடுவில் நிற்பவர் நான்காமவர். அவருடைய மதிப்பெண் முதற் கால்மானம். பிரிவின் கால்பங்கினர் ஏறத்தாழ அந்த மதிப்பெண்ணிலும் அதற்குக் கீழேயும் இருக்கிறார்கள் என்பது பொருள். மேல்பாதி ஏழு பேரில் நடுவில் நிற்பவர், மொத்த வரிசையில் பன்னிரண்டாமவர். அவருடைய மதிப்பெண் மூன்றாம் கால்மானம். ஏ பிரிவில் இவை 34, 85. பி பிரிவில் 57, 66. சி பிரிவில் 44, 72.

மூன்றாம் கால்மானத்திலிருந்து முதற் கால்மானத்தைக் கழித்தால் கிடைப்பது கால்மான வீச்சு. வகுப்பின் நடுப்பகுதியில் இருக்கும் ஏறத்தாழ பாதிப்பேர் எவ்வளவு அகலத்தில் பரவியிருக்கிறார்கள் என்பதை அது சொல்லும். ஏ பிரிவில் அது 51 மதிப்பெண். சி பிரிவில் 28. பி பிரிவில் வெறும் 9.

இனி வரைதல். இடப்பக்கத்தில் செங்குத்தாக ஒரு கோடு இழுத்து 0 முதல் 100 வரை குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து மதிப்பெண் என்பது வசதியான அளவு. மூன்று பிரிவுகளுக்கும் இந்த ஒரே அளவுகோல்தான். ஒவ்வொரு பிரிவையும் தனித்தனி அளவுகோலில் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால், 9 மதிப்பெண் அகலமும் 51 மதிப்பெண் அகலமும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். ஒப்பிடுவதற்கென்றே வரைந்த படம் ஒப்பிட முடியாததாகிவிடும்.

ஒவ்வொரு பிரிவுக்கும் முதற் கால்மானம் கீழ் விளிம்பாகவும் மூன்றாம் கால்மானம் மேல் விளிம்பாகவும் அமைய ஒரு பெட்டி. இடைநிலை நிற்கும் இடத்தில் பெட்டிக்குக் குறுக்கே ஒரு தடித்த கோடு. பெட்டியிலிருந்து மேலும் கீழும் நீளும் மெல்லிய கோடுகளுக்கு மீசைக் கோடுகள் என்று பெயர். தேர்ச்சி மதிப்பெண்ணான 40-இல் படத்தின் குறுக்கே ஒரு புள்ளிக்கோடு இட்டுக்கொண்டால், தேறியவர்களும் தேறாதவர்களும் எங்கே பிரிகிறார்கள் என்பதும் உடனே தெரியும்.

மீசைக் கோடு எதுவரை நீள வேண்டும் என்பதில்தான் இந்தப் படத்தின் நுட்பம் இருக்கிறது. மிகக் குறைந்த மதிப்பெண்ணிலிருந்து மிக உயர்ந்த மதிப்பெண் வரை அதை இழுத்துவிடலாம். அமெரிக்காவின் மேரி எலினார் ஸ்பியர் 1952-இல் வெளியிட்ட நூலில் இருந்த பட்டைப்படம் ஏறத்தாழ அப்படிப்பட்டதுதான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியரும் பெல் ஆய்வுக்கூடத்தின் புள்ளியியலாளருமான ஜான் டூக்கி இதை வளர்த்தெடுத்தார். 1977-இல் வெளிவந்த அவருடைய நூல் இந்தப் படத்தை உலகெங்கும் பரப்பியது. அவர் சேர்த்த முக்கியமான கருத்து 'வேலி'. கால்மான வீச்சை ஒன்றரையால் பெருக்கி, அந்த அளவைப் பெட்டியின் கீழ் விளிம்பிலிருந்து கழித்தால் கீழ் வேலி. மேல் விளிம்போடு கூட்டினால் மேல் வேலி. வேலிக்குள் இருக்கும் கடைசி மாணவர் வரைதான் மீசைக் கோடு செல்லும். வேலிக்கு வெளியே நிற்பவர் ஒவ்வொருவரும் தனித்தனிப் புள்ளியாகக் குறிக்கப்படுவார். மணிவடிவில் சீராகப் பரவிய எண்களானால் ஆயிரத்தில் ஏறத்தாழ ஏழு மட்டுமே வேலியைத் தாண்டும். ஆகவே, வேலிக்கு வெளியே ஒரு புள்ளி தெரிந்தால் அது கவனிக்கத்தக்கது.

பி பிரிவுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். கால்மான வீச்சு 9. அதன் ஒன்றரை மடங்கு 13.5. கீழ் வேலி 57-லிருந்து 13.5 கழித்து 43.5. மேல் வேலி 66-உடன் 13.5 சேர்த்து 79.5. எனவே மீசைக் கோடு கீழே 54-இலும் மேலே 73-இலும் நின்றுவிடுகிறது. 8, 12 ஆகிய இரு மதிப்பெண்களும் பெட்டிக்கு வெகு கீழே தனித்த புள்ளிகளாக விழுகின்றன.

இப்போது மூன்று பெட்டிகளையும் பக்கம் பக்கமாகப் பாருங்கள். பி பிரிவின் பெட்டி ஒரு தீப்பெட்டியைப் போலச் சிறியது. 60-ஐ ஒட்டி உயரத்தில் நிற்கிறது. கீழே, வெகு தொலைவில், இரண்டு புள்ளிகள். ஏ பிரிவின் பெட்டி 34 முதல் 85 வரை நீண்டு, பாதிப் படத்தை விழுங்குகிறது. அதன் கீழ் விளிம்பு தேர்ச்சிக் கோட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. இரண்டு பெட்டிகளிலும் இடைநிலைக் கோடு ஒரே உயரத்தில், 62-இல் இருக்கிறது.

கூட்டத்தில் பாராட்டப்பட்டது ஏ பிரிவு. அதன் நடு மாணவர் பி பிரிவின் நடு மாணவரைவிட ஒரு மதிப்பெண்கூட அதிகம் வாங்கவில்லை. அங்கே நான்கு பேர் தேறவில்லை. அந்த நால்வரும் புள்ளிகளாகத் தனித்து விழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏ பிரிவின் கால்மான வீச்சு 51 என்பதால் கீழ் வேலி பூஜ்யத்துக்கும் கீழே போய்விடுகிறது. 18 வாங்கிய மாணவர்கூட அந்தப் பிரிவில் விதிவிலக்கு அல்லர். அந்தப் பிரிவின் இயல்பான பரவலுக்குள் அடங்கியவர். நன்றாகப் படிப்போரை நோக்கி வகுப்பு நகர்ந்துகொண்டிருக்க, கால்பங்கினர் பின்னால் விடுபட்டுப்போன வகுப்பு அது. 88, 92, 95 என்ற மூன்று மதிப்பெண்கள் சராசரியை 60-க்கு உயர்த்தி, அந்தக் கால்பங்கினரை மறைத்துவிட்டன.

பி பிரிவில் பதின்மூன்று பேர் 54-க்கும் 73-க்கும் இடையில் நெருங்கி நிற்கிறார்கள். அந்தப் பதின்மூவரின் சராசரி மட்டும் 63. யாரையும் விட்டுவிடாமல் பாடம் நடத்திய வகுப்பின் படம் இது. சராசரியை 56-க்கு இழுத்தவை அந்த இரண்டு புள்ளிகள் மட்டுமே.

வேலிக்கு வெளியே நிற்கும் புள்ளியைக் கண்டதும் அழித்துவிடுவது சிலருக்கு வழக்கம். அது தவறு. அந்தப் புள்ளிக்குப் பின்னால் ஒரு மாணவர் இருக்கிறார்; அவருடைய விடைத்தாளை எடுத்துப் பார்ப்பதுதான் செய்ய வேண்டிய முதல் வேலை. நாங்கள் எடுத்துப் பார்த்தோம். 8 மதிப்பெண் வாங்கிய மாணவி காய்ச்சலோடு வந்து, அரைமணி நேரத்தில் எழுந்து போனவர். 12 மதிப்பெண் என்று பதிவாகியிருந்த மாணவரின் விடைத்தாளில் வேறொரு செய்தி காத்திருந்தது. முகப்புக் கட்டத்தில் முதல் பகுதிக்குரிய 12 மட்டும் மொத்தமாக எழுதப்பட்டிருந்தது. அடுத்த இரு பகுதிகளுக்கும் அவர் பெற்றிருந்த 40 மதிப்பெண் கூட்டப்படவே இல்லை. அவருடைய உண்மையான மதிப்பெண் 52. விடைத்தாள்களைப் பிரிவு மாற்றித் திருத்துவது எங்கள் வழக்கம் என்பதால், அந்தக் கூட்டல் பிழையும் அந்த அம்மையார் செய்ததன்று.

12 என்பதை 52 எனத் திருத்தியதும் நடந்ததைப் பாருங்கள். பி பிரிவின் சராசரி 56-லிருந்து 58.7 ஆக உயர்ந்தது. சி பிரிவின் 58-ஐத் தாண்டிவிட்டது. கடைசி என்று பெயர் வாங்கிய பிரிவு இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது. ஆனால், இடைநிலை 62-ஐ விட்டு அசையவில்லை. முதற் கால்மானம் அதே 57. மூன்றாம் கால்மானம் அதே 66. மீசைக் கோட்டின் நுனி மட்டும் 54-லிருந்து 52-க்கு இறங்கியது. இரண்டு புள்ளிகளில் ஒன்று மறைந்தது. ஒரே ஒரு விடைத்தாளின் கூட்டல் பிழை சராசரியின் தரவரிசையையே புரட்டிப்போட்டது. பெட்டியின் மேல் அதனால் ஒரு கீறலும் விழவில்லை. ஓர் ஆசிரியரின் பணி நீட்டிப்பை எந்த எண்ணின் மீது நிறுத்துவது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியாது.

'பரவலை அளக்கத்தான் திட்ட விலக்கம் இருக்கிறதே?' என்று புள்ளியியல் படித்தவர்கள் கேட்கக்கூடும். கூட்டல் பிழையைத் திருத்துவதற்கு முந்தைய எண்களைக் கொண்டே சோதிப்போம். பி பிரிவின் திட்ட விலக்கம் 18.7, சி பிரிவின் திட்ட விலக்கம் 13.6. அதாவது, பி பிரிவுதான் அதிகம் சிதறியது என்று அது சொல்கிறது. பதினைந்தில் பதின்மூன்று பேர் இருபது மதிப்பெண் எல்லைக்குள் நெருங்கி நிற்கும் பிரிவைப் பற்றிய தீர்ப்பு இது! அந்த இரு புள்ளிகளையும் விலக்கிவிட்டுக் கணக்கிட்டால் 18.7 என்பது ஏறத்தாழ 5 ஆகச் சுருங்கிவிடுகிறது. திட்ட விலக்கம் சராசரியைச் சார்ந்தே பிறப்பது. விலகலை வர்க்கப்படுத்துவதால், தொலைவில் நிற்பவரின் எடையை அது இன்னும் பெருக்கிவிடுகிறது.

இதுவரை பெட்டியின் பெருமையைச் சொன்னேன். அது ஏமாற்றும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். சி பிரிவு அதற்காகவே காத்திருக்கிறது.

சி பிரிவின் பெட்டி 44 முதல் 72 வரை. சரியாக நடுவில், 58-இல், இடைநிலைக் கோடு. மேலும் கீழும் சமமான மீசைக் கோடுகள். வேலிக்கு வெளியே யாருமில்லை. தேறாதவர்களும் இல்லை. மேலோட்டமாகப் பார்ப்பவர் இதைச் சீரான, நடுத்தரமான வகுப்பு என்பார். பெரும்பாலோர் 58-ஐ ஒட்டி இருப்பதாகவும் நினைத்துக்கொள்வார். பட்டியலுக்குத் திரும்பிப் பாருங்கள். 48-க்கும் 68-க்கும் இடையில் இருப்பவர் ஒரே ஒருவர். ஏழு பேர் நாற்பதுகளில். ஏழு பேர் எழுபதை ஒட்டி. பெட்டியின் நடுப்பகுதி ஏறக்குறைய ஆளில்லாத வீடு. ஒரு பெயரில் இரண்டு வகுப்புகள் நடந்திருக்கின்றன.

பெட்டி வரைபடம் ஐந்து எண்களை மட்டுமே தாங்கி நிற்கிறது. அந்த எண்களுக்கு இடையில் மாணவர்கள் எங்கே குவிந்திருக்கிறார்கள், எங்கே வெற்றிடம் இருக்கிறது என்பதை அது காட்டாது. ஆயினும், கூர்ந்து பார்த்தால் ஒரு தடயம் கிடைக்கும். சி பிரிவின் பெட்டி 28 மதிப்பெண் நீளம். மீசைக் கோடுகளோ மூன்று மூன்று மதிப்பெண்தான். நடுவில் கூட்டமும் ஓரங்களில் ஒரு சிலருமாக இருக்கும் வகுப்பில் மீசைக் கோடுகள் ஓரளவு நீண்டிருக்கும். பெட்டி நீண்டும் மீசை மிகக் குறுகியும் இருந்தால், இரு ஓரங்களிலும் ஆட்கள் குவிந்திருக்கிறார்கள் என்று ஐயப்பட வேண்டும். ஐயத்தைத் தீர்க்க எளிய வழி, பெட்டியின் மேலேயே ஒவ்வொரு மாணவரையும் ஒரு சிறு புள்ளியாகக் குறித்துவிடுவது. பதினைந்து பேருக்கு அது ஐந்து நிமிட வேலை.

அவ்வாறு குறித்த பின்பு மேல் குவியலில் இருந்தவர்களின் பெயர்களைப் பார்த்தோம். அனைவரும் மேல்நிலை வகுப்பில் வணிகவியலோடு வணிகக் கணிதமும் படித்தவர்கள். கீழ்க் குவியலில் இருந்தவர்கள் கணிதத்துக்குப் பதிலாகக் கணினிப் பயன்பாடு எடுத்து வந்தவர்கள். ஒட்டுறவுக் கெழுவின் சூத்திரத்தைக் கண்டதும் முதல் ஏழு பேர் கணக்குப் போடத் தொடங்குவார்கள். அடுத்த ஏழு பேர் அதிலுள்ள கூட்டல் குறியீட்டிலேயே நின்றுவிடுவார்கள். 58 என்ற சராசரியையும் 58 என்ற இடைநிலையையும் நம்பிப் பாடம் நடத்தியிருந்தால், அது வகுப்பில் ஒரே ஒருவருக்குத்தான் பொருந்தியிருக்கும்.

இன்னும் சில எச்சரிக்கைகள் உண்டு. பிரிவில் எத்தனை பேர் என்பதைப் பெட்டி சொல்லாது. ஏழு பேருக்கும் எழுபது பேருக்கும் ஒரே அகலத்தில்தான் பெட்டி வரையப்படும். எனவே, ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் மாணவர் எண்ணிக்கையை எழுதிவிட வேண்டும். பதினைந்து பேர் கொண்ட பிரிவுகளில் இடைநிலைகள் மூன்று, நான்கு மதிப்பெண் வேறுபடுவது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். 62-க்கும் 58-க்கும் இடையிலுள்ள வேறுபாட்டை வைத்து யாரையும் மேலே கீழே வைக்கக் கூடாது. 9-க்கும் 51-க்கும் இடையிலுள்ள வேறுபாடு அப்படித் தள்ளிவிடக்கூடியதன்று.

தேர்வுக்கே வராதவர் பூஜ்யம் வாங்கியவர் அல்லர். மதிப்பெண் பட்டியலில் வராதவருக்கு எதிரே 0 என்று தட்டிவிட்டால், கணினி அதையும் ஒரு மதிப்பெண்ணாகவே எடுத்துக்கொண்டு பெட்டியைக் கீழே இழுக்கும். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும். அல்லது எழுத்தால் குறிக்க வேண்டும். அதேபோல, பெட்டியின் கீழ் விளிம்பு சரியாக 40-இல் படிந்து, அதற்குக் கீழே மீசைக் கோடே இல்லாமல் இருந்தால் ஒரு கணம் நிற்க வேண்டும். வகுப்பின் கால்பங்கினர் துல்லியமாக ஒரே மதிப்பெண்ணில், அதுவும் தேர்ச்சிக் கோட்டின் மேலேயே நிற்பது அரிது. 37, 38 வாங்கியவர்களை இரக்கத்தால் கரையேற்றியதன் சுவடாக அது இருக்கலாம்.

கணினியில் வரைபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எக்செல் 2016 முதல் பெட்டி வரைபடம் அதிலேயே கிடைக்கிறது. கால்மானத்தைக் கணக்கிடும் முறை மட்டும் ஒன்றுக்கு மேற்பட்டது. நான் மேலே செய்தது, நடுவில் நிற்பவரை ஒதுக்கிவிட்டு இரு பாதிகளையும் பார்ப்பது. எக்செல்லின் QUARTILE.EXC கட்டளை பதினைந்து பேருக்கு இதே விடையைத் தரும். டூக்கி தம் நூலில் நடுவில் நிற்பவரை இரு பாதிகளிலும் சேர்த்துக்கொண்டார். அந்த முறையிலும் QUARTILE.INC கட்டளையிலும் ஏ பிரிவின் முதற் கால்மானம் 34-க்குப் பதிலாக 38 ஆகும். இரண்டும் சரியான முறைகளே. ஒரு பிரிவுக்கு ஒரு முறையையும் மற்றொரு பிரிவுக்கு வேறொரு முறையையும் பயன்படுத்துவதுதான் தவறு.

மறுவாரம் அந்த வரைபடத்தாளைக் கூட்டத்தில் வைத்தேன். அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. ஏ பிரிவில் பின்தங்கிய நால்வருக்கு மாலையில் தனி வகுப்பு ஏற்பாடாயிற்று. சி பிரிவின் ஏழு பேருக்கு, புள்ளியியலுக்கு முன்பாக, குறியீடுகளையும் அடிப்படை இயற்கணிதத்தையும் இரண்டு வாரம் சொல்லித்தருவது என்று முடிவாயிற்று. பி பிரிவில் காய்ச்சலோடு வந்த மாணவிக்கு மறுதேர்வு. சராசரித் தாளை நம்பியிருந்தால், இந்த மூன்றில் எதுவும் நடந்திருக்காது. எந்தக் குறையும் இல்லாத ஒரு வகுப்பின் ஆசிரியர் மட்டும் தண்டிக்கப்பட்டிருப்பார்.

அவருடைய பணி அந்த ஆண்டு நீட்டிக்கப்பட்டது. பழைய படிவத்தை நானே கேட்டு வாங்கி, சராசரி என்றிருந்த ஒற்றைக் கட்டத்தை அடித்துவிட்டு, மூன்று பெட்டிகள் வரைவதற்கான இடத்தை அதில் விட்டேன். ஒரு பிரிவை ஓர் எண்ணாகச் சுருக்கும்போது அதிலுள்ள மாணவர்கள் எங்கே போகிறார்கள் என்று, அதை வடிவமைத்த நாளிலேயே நான் கேட்டிருக்க வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).